பணம் எங்கிருந்து வந்தது: ஒரு சர்க்கரைக் கட்டுரையும் அதில் விடுபட்ட வரியும்

1967 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு பகுதிகளாக ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துத் துறையைச் சேர்ந்த ராபர்ட் மெக்கண்டி, மார்க் ஹெக்ஸ்டெட், ஃப்ரெடரிக் ஸ்டேர். அது புதிய சோதனையைப் பற்றிய கட்டுரை அல்ல. உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் படித்து, எடைபோட்டு, இதுதான் முடிவு என்று சொல்லும் மீளாய்வுக் கட்டுரை. அவர்கள் சொன்ன முடிவு தெளிவாக இருந்தது: இதய நோயைத் தடுக்க உணவில் செய்ய வேண்டியது கொலஸ்ட்ராலைக் குறைப்பதும், வெண்ணெய், நெய் போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக நிறைவுறாத கொழுப்பைச் சேர்ப்பதும்தான். சர்க்கரையைக் குற்றம் சொன்ன ஆய்வுகள் அவர்கள் தராசில் எடையில்லாமல் போயின.

இத்தகைய கட்டுரைகளைத்தான் வேலைப்பளு மிகுந்த மருத்துவர்களும் அரசு அதிகாரிகளும் பாடநூல் எழுதுபவர்களும் படிப்பார்கள். மூல ஆய்வுகள் நூறையும் தேடிப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஹார்வர்டு என்ற பெயரும், அந்த இதழின் மதிப்பும், மூன்று பேரின் அனுபவமும் சேர்ந்து வாசகரின் நம்பிக்கையைப் பெற்றன. அவர்களது ஆய்வகச் சோதனைகளுக்கு நிதி கொடுத்த சில அமைப்புகளின் பெயர்களும் கட்டுரையில் இருந்தன. ஒரு பெயர் மட்டும் இல்லை. இந்த மீளாய்வை எழுதும்படி கேட்டு அதற்கென்றே 6,500 டாலர் கொடுத்த சுகர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற சர்க்கரைத் தொழில் அமைப்பின் பெயர் அது. 2016-ஆம் ஆண்டு மதிப்பில் அந்தத் தொகை ஏறத்தாழ 49,000 டாலர்.

இது ஐம்பது வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் கெர்ன்ஸ், லாரா ஷ்மிட், ஸ்டான்டன் கிளான்ட்ஸ் ஆகிய மூவரும் பல்கலைக்கழக நூலகங்களில் கிடந்த பழைய கடிதங்களைத் தேடியெடுத்து, 2016-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் எழுதினார்கள். கெர்ன்ஸ் அடிப்படையில் ஒரு பல் மருத்துவர். சர்க்கரைத் தொழில் எப்படி இயங்கியது என்று தேடப் போனவருக்கு இந்தக் கடிதங்கள் கிடைத்தன.

கடிதங்கள் சொல்லும் கதையை வரிசையாகப் பார்ப்போம். 1954-இலேயே அந்த அமைப்பின் தலைவர் ஹென்றி ஹாஸ் ஓர் உரையில் ஒரு கணக்கைச் சொல்லியிருந்தார். அமெரிக்கர்கள் கொழுப்பைக் குறைத்தால் அந்தக் கலோரிகளுக்குப் பதிலாக வேறு எதையாவது சாப்பிட்டாக வேண்டும். அந்த இடத்தைச் சர்க்கரை பிடித்தால் தனிநபர் சர்க்கரை நுகர்வு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரும். ஆக, கொழுப்புதான் குற்றவாளி என்ற கருத்து பரவுவது அந்தத் தொழிலுக்கு நேரடி வருமானம். ஆனால் 1960-களில் இதற்கு எதிரான காற்று வீசத் தொடங்கியது. பிரிட்டனில் ஜான் யட்கின் போன்ற ஆய்வாளர்கள் சர்க்கரையை இதய நோயோடு தொடர்புபடுத்திப் பேசினார்கள். அமைப்பின் ஆய்வுப் பிரிவை நடத்திய ஜான் ஹிக்சன், நம்மை எதிர்ப்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல நாமே ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று 1964-இல் உள்ளுக்குள் எழுதினார்.

1965 ஜூலை 11 அன்று நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழ் சர்க்கரை, இதய நோய் தொடர்பான புதிய ஆய்வுகளைப் பற்றி அரைப்பக்கத்துக்குச் செய்தி வெளியிட்டது. இரண்டே நாளில், ஜூலை 13 அன்று, அமைப்பின் செயற்குழு ஹார்வர்டு மீளாய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் 'புராஜெக்ட் 226'. தங்கள் அக்கறை எதில் என்பதை ஹிக்சன் மறைக்கவில்லை. சர்க்கரையின் மேல் சுமத்தப்படும் பழியைக் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். ஹெக்ஸ்டெட்டின் பதில், உங்கள் அக்கறை எங்களுக்கு நன்றாகத் தெரியும், முடிந்த அளவு அதைக் கவனிக்கிறோம் என்ற பொருளில் இருந்தது. வேலை தாமதமானபோது அவர் சொன்ன காரணம் இன்னும் வெளிப்படையானது: அயோவாவில் உள்ள ஆய்வுக்குழு சர்க்கரைக்கு எதிராக ஒவ்வொரு கட்டுரை வெளியிடும்போதும், அதற்கு மறுப்பாக ஒரு பகுதியை நாங்கள் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. வரைவைப் பார்த்த ஹிக்சன் 1966 நவம்பரில், நாங்கள் மனதில் வைத்திருந்தது இதைத்தான், அச்சில் பார்க்கக் காத்திருக்கிறோம் என்று எழுதினார்.

நான் இந்தக் கதையை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இதில் யாரும் பொய்யான எண்களை எழுதவில்லை என்பதுதான். பணம் வாங்கிய ஆய்வு என்றாலே எங்கோ ஒரு அட்டவணையில் திருத்தம் நடந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நடந்தது அதைவிட மென்மையானது, கண்டுபிடிக்கக் கடினமானது. இரண்டு பக்கச் சான்றுகளுக்கும் இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள் பயன்பட்டன.

சர்க்கரையைப் பற்றிய ஆய்வுகள் வந்தபோது கேள்விகள் கூர்மையாக இருந்தன. ஓர் ஆய்வில் எலிகளுக்குக் கொழுப்பு குறைவாகவும் சர்க்கரை அதிகமாகவும் கொடுத்திருந்தார்கள். மனிதர்கள் இப்படிப்பட்ட உணவை அரிதாகவே சாப்பிடுகிறார்கள் என்று அது ஒதுக்கப்பட்டது. இன்னொன்றில் சர்க்கரையைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டியவர்களுக்குப் பலன் தெரிந்தது. அந்த மாற்றம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று அதுவும் தள்ளப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இந்த ஆட்சேபங்கள் நியாயமானவையே. எலிச் சோதனையை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாதுதான். ஆனால் கொழுப்புப் பக்கம் வந்த ஆய்வுகள் இதே கண்டிப்போடு சோதிக்கப்படவில்லை என்பதும், அவை எல்லாம் ஒரே குரலில் பேசுவதுபோல் காட்டப்பட்டன என்பதும்தான் கெர்ன்ஸ் குழுவின் குற்றச்சாட்டு.

இந்த இடத்தில் வாசகரின் நிலையை யோசித்துப் பாருங்கள். 1967-இல் ஒரு மருத்துவர் இந்தக் கட்டுரையைப் படிக்கிறார். எலிச் சோதனையை ஒதுக்கிய வரியைப் பார்த்ததும், சரிதானே என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார். மூலக் கட்டுரைகள் அவர் மேஜையில் இல்லை. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று சரிபார்க்க வழியும் இல்லை. ஆனால் கட்டுரையின் அடியில் 'இந்த மீளாய்வு சுகர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எழுதப்பட்டது' என்று ஒரு வரி இருந்திருந்தால் அவர் படிக்கும் விதமே மாறியிருக்கும். சர்க்கரைக்கு எதிரான ஆய்வு ஒதுக்கப்படும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நின்றிருப்பார். இதே ஆட்சேபம் கொழுப்பு ஆய்வுகளுக்கும் எழுப்பப்பட்டதா என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார். நிதி அறிவிப்பு செய்கிற வேலை இதுதான். கட்டுரை சரியா தவறா என்று அது சொல்லாது. எந்த இடத்தில் பார்வையைக் கூர்மையாக்க வேண்டும் என்று காட்டும். பணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்துக்குச் சாதகமாக ஆய்வாளர் எடுத்த தீர்மானங்கள் எவை என்பதே வாசகர் கேட்க வேண்டிய கேள்வி.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். 2018-இல் சயின்ஸ் இதழில் டேவிட் மெரிட் ஜான்ஸ், ஜெரால்ட் ஓப்பன்ஹைமர் என்ற இருவர் கெர்ன்ஸ் குழுவின் கதையை மறுத்து எழுதினார்கள். அந்தக் காலத்தில் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் உணவுத் தொழிலிடம் பணம் வாங்குவது சாதாரண வழக்கம். இதைச் சதி என்று சொல்வது இன்றைய கண்ணாடியைப் போட்டு அன்றைய மனிதர்களைப் பார்ப்பது என்பது அவர்கள் வாதம். நிதியை வெளிப்படுத்தும்படி நியூ இங்கிலாந்து ஜர்னலே 1984 வரை ஆசிரியர்களைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. சர்க்கரை அமைப்பு வரைவை மாற்றி எழுதியதற்கு நேரடிச் சான்று இல்லை என்பதைக் கெர்ன்ஸ் குழுவே ஒப்புக்கொள்கிறது. இன்றைய சுகர் அசோசியேஷன் 2016-இல் பதில் சொன்னபோது, அன்று இன்னும் வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. அதே மூச்சில் அந்தக் காலத்து வழக்கத்தையும் சுட்டிக்காட்டியது.

இந்த மறுப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஹெக்ஸ்டெட் பணத்துக்காகக் கருத்தை மாற்றிக்கொண்டவர் அல்ல. உணவுக் கொழுப்பு மாறினால் ரத்தக் கொலஸ்ட்ரால் எவ்வளவு மாறும் என்று கணிக்கும் சமன்பாட்டை அவரும் மெக்கண்டியும் ஸ்டேரும் 1965-இலேயே வெளியிட்டிருந்தார்கள். கொழுப்புதான் பிரச்சினை என்று அவர்கள் உளமார நம்பினார்கள். இது அவர்கள் நேர்மைக்குச் சான்று. ஆனால் நிதியின் பாதிப்பு இல்லை என்பதற்குச் சான்று அல்ல. பணம் கொடுப்பவர் யாருடைய மனதையும் மாற்றத் தேவையில்லை. தனக்குச் சாதகமான கருத்தை ஏற்கெனவே வைத்திருக்கும் நல்ல ஆய்வாளர்களைத் தேடி, அவர்கள் குரல் உரக்கக் கேட்கும்படி செய்தாலே போதும். ஆகவே 'என்னை யாரும் விலைக்கு வாங்க முடியாது' என்று ஓர் ஆய்வாளர் சொல்லும்போது அவர் உண்மையையே சொல்லலாம். வாசகருக்குத் தெரிய வேண்டியது அது அல்ல. அவரைத் தேர்ந்தெடுத்தது யார், எந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான்.

அச்சுக்கு வந்த கட்டுரையைப் பற்றி மட்டுமே இதுவரை பேசினோம். வராமல் போனவையும் உண்டு. அதே அமைப்பு 'புராஜெக்ட் 259' என்ற பெயரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஓர் எலிச் சோதனைக்குப் பணம் கொடுத்தது. சர்க்கரை சாப்பிட்ட எலிகளின் குடல் நுண்ணுயிர்களில் என்ன மாற்றம் வருகிறது என்பது கேள்வி. முதல்கட்ட முடிவுகள் சர்க்கரைக்குச் சாதகமாக இல்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்பு இருக்கலாம் என்று அப்போது கருதப்பட்ட ஒரு நொதி, சர்க்கரை சாப்பிட்ட எலிகளில் அதிகமாக இருந்தது. வேலையை முடிக்க ஆய்வாளர் இன்னும் பன்னிரண்டு வாரம் கேட்டார். 1970-இல் நிதி நின்றது, சோதனையும் நின்றது, எதுவும் வெளியாகவில்லை. கெர்ன்ஸ் குழு 2017-இல் இதையும் ஆவணங்களிலிருந்து எடுத்து எழுதியது. நிதி அறிவிப்பு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் வெளிவந்த கட்டுரையின் அடியில்தான் அது இருக்கும். நின்றுபோன சோதனைக்கு அடிக்குறிப்பு ஏது? இதை மனதில் வைத்துக்கொண்டால், ஒரே தொழிலின் பணத்தில் வந்த ஐந்து கட்டுரைகளும் ஒரே முடிவைச் சொல்லும்போது, ஐந்து சாட்சிகள் ஒத்துப்போகிறார்கள் என்று அவசரப்பட்டு எடுத்துக்கொள்ள மாட்டோம்.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்போது அறிவிப்பு கட்டாயம் ஆகிவிட்டதே, பிறகு என்ன? என்று கேட்கலாம். அறிவித்தால் சாய்வு மறைந்துவிடுவதில்லை. 2013-இல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு, சர்க்கரை கலந்த பானங்களுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய மீளாய்வுகளை எடுத்து, நிதித் தொடர்பை வைத்து இரண்டாகப் பிரித்தது. தொழில் தொடர்பு இல்லை என்று அறிவித்தவற்றின் 12 முடிவுகளில் 10, இந்தப் பானங்கள் எடையைக் கூட்டக்கூடும் என்றன. தொடர்பு உண்டு என்று அறிவித்தவற்றின் 6 முடிவுகளில் 5, போதிய ஆதாரம் இல்லை என்றன. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் இரு தரப்பினர் முன்னாலும் இருந்தது பெரும்பாலும் ஒரே வகை ஆய்வுகள்.

மருந்துத் துறையில் எண்ணிக்கை பெரிது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் புதுப்பித்து வெளியிட்ட மீளாய்வு, மருந்து, மருத்துவக் கருவி தொடர்பான ஆய்வுகளை ஒப்பிட்ட 75 கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தது. தயாரிப்பு நிறுவனமே பணம் கொடுத்த ஆய்வுகளில் சாதகமான பலன் தெரிவதற்கான வாய்ப்பு மற்றவற்றைவிட 27 சதவீதமும், சாதகமான முடிவுரை எழுதப்படுவதற்கான வாய்ப்பு 34 சதவீதமும் அதிகமாக இருந்தன. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஆய்வின் தரத்தைச் சோதிக்க வழக்கமாகப் பார்க்கும் அம்சங்களில், அதாவது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்பட்டதா போன்றவற்றில், நிறுவன ஆய்வுகள் மற்றவற்றைவிட மோசமாக இல்லை. மறைப்பதை அவை இன்னும் ஒழுங்காகவே செய்திருந்தன. அப்படியானால் சாய்வு எங்கிருந்து வருகிறது? சோதனை தொடங்கும் முன்பே எடுக்கப்படும் தீர்மானங்களில் இருந்து: புதிய மருந்தை எதோடு ஒப்பிடுவது, அந்தப் பழைய மருந்தை என்ன அளவில் கொடுப்பது, எத்தனை மாதம் பார்ப்பது, எதைப் பலன் என்று எண்ணுவது. அப்புறம், முடிவுகளில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதிலிருந்தும் வருகிறது. வழக்கமான தரச் சோதனையின் வலையில் இவை சிக்குவதில்லை. அதனால்தான் 'முறை சரியாக இருந்தால் பணம் யாருடையதாக இருந்தால் என்ன?' என்ற கேள்விக்கு நான் உடன்படுவதில்லை.

இப்போது அறிவிப்பு எப்படிக் கேட்கப்படுகிறது என்று பார்ப்போம். பல மருத்துவ இதழ்கள் ஐசிஎம்ஜேஇ என்ற இதழாசிரியர் குழுவின் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாக அதை நிரப்ப வேண்டும். முதல் கேள்வி இந்தக் கட்டுரைக்கு, திட்டமிட்ட நாளிலிருந்து, கிடைத்த எல்லா ஆதரவையும் பற்றியது. அதற்குக் கால வரம்பு இல்லை. மற்றவை எல்லாம் கடந்த 36 மாதங்களைப் பற்றியவை: மற்ற மானியங்கள், ஆலோசனைக் கட்டணம், உரையாற்றியதற்கான பணம், பயணச் செலவு, காப்புரிமை, பங்குகள், இன்னும் சில. இவற்றின் சுருக்கம்தான் கட்டுரையின் அடியில் சில வரிகளாக வருகிறது.

அந்த 36 மாதம் என்ற எல்லை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மறுபடியும் சர்க்கரையே உதாரணம் தருகிறது. 2016 டிசம்பரில் ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு மீளாய்வு வந்தது. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் அரசு, சர்வதேச வழிகாட்டுதல்களின் ஆதாரம் பலவீனமானது, அவை நம்பத்தக்க தரத்தில் இல்லை என்பது அதன் முடிவு. நிதி கொடுத்தது ஐஎல்எஸ்ஐ என்ற அமைப்பின் வட அமெரிக்கக் கிளை. கட்டுரையிலேயே அந்தப் பெயர் இருந்தது. 1967-ஐவிட இது பெரிய முன்னேற்றம். ஆனால் இன்டர்நேஷனல் லைஃப் சயின்சஸ் இன்ஸ்டிட்யூட் என்ற முழுப் பெயரைப் படிக்கிற ஒருவருக்கு அது ஏதோ ஆராய்ச்சிக் கழகம் என்றுதான் தோன்றும். அதை 1978-இல் தொடங்கியவர் கோகோ கோலா நிறுவனத்தின் மூத்த அதிகாரி. அதன் உறுப்பினர்களில் கோகோ கோலா, பெப்சிகோ, ஹெர்ஷி போன்ற நிறுவனங்கள் இருந்தன. மிட்டாய்த் தொழிலில் இருக்கும் மார்ஸ் நிறுவனமே, தானும் அந்த அமைப்பின் உறுப்பினராக இருந்தபோதும், இந்த ஆய்வை வெளிப்படையாக விமர்சித்தது. அறிவிப்பில் ஒரு பெயரைப் பார்த்ததும் நின்றுவிடாமல், அந்தப் பெயருக்குப் பின்னால் சந்தா கட்டுபவர் யார் என்று ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது.

கதை அதோடு நிற்கவில்லை. 2019-இல் அதே இதழில், சிவப்பு இறைச்சியைக் குறைக்க வேண்டியதில்லை, இப்போது சாப்பிடுகிற அளவிலேயே தொடரலாம் என்ற பரிந்துரை வந்து பெரும் சர்ச்சை ஆனது. சர்க்கரை மீளாய்வின் ஆசிரியர்களில் ஒருவர் இதிலும் முன்னணியில் இருந்தார். ஆதாரத்தை எடைபோட்ட முறையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஐஎல்எஸ்ஐ பணம் பற்றிய குறிப்பு அறிவிப்பில் இல்லை. அந்தப் பணம் 2015-இல் வந்தது, படிவம் கேட்கும் மூன்று வருடத்துக்கு வெளியே இருக்கிறது என்று அவர் விளக்கம் சொன்னார். விதிப்படி அது சரியான பதிலாகவே இருக்கலாம். ஆனால் இறைச்சிப் பரிந்துரையைப் படிக்கும் ஒருவருக்கு, இந்த எடைபோடும் முறை இதற்கு முன் யாருடைய பணத்தில், எந்த வழிகாட்டுதலைப் பலவீனமாகக் காட்டப் பயன்பட்டது என்பது தெரிந்துகொள்ளத் தகுந்த செய்தி இல்லையா? காலண்டர் அதை மறைத்துவிட்டது. பின்னர் அவர் பெற்றிருந்த வேறொரு மானியம் மூன்று வருடத்துக்கு உள்ளேயே இருந்தும் படிவத்தில் விடுபட்டிருந்ததாக இதழ் திருத்தம் வெளியிட்டது. அறிவிப்பு முழுக்க முழுக்க ஆசிரியர் தானே சொல்வதை நம்பி நடக்கிறது. பெரும்பாலான இதழ்களில் அதைச் சரிபார்க்க ஆள் இல்லை.

ஆக, 'நலன் முரண் எதுவும் இல்லை' என்ற வரியை எப்படி எடுத்துக்கொள்வது? கடந்த மூன்று வருடத்தில் படிவத்தில் சொல்லும்படியாக எதுவும் இல்லை என்று ஆசிரியர் கருதுகிறார் என்ற அளவில்தான். அதைவிட அதிகத் தகவல் தருவது நிதியளித்தவரின் பங்கு என்ன என்ற வரி. லான்செட் போன்ற இதழ்களில் Role of the funding source என்ற தலைப்பில் அது தனியாகவே வரும். ஆய்வை வடிவமைத்தது யார், தரவைச் சேர்த்தது யார், பகுப்பாய்வு செய்தது யார், கட்டுரையை எழுதியது யார், வெளியிடலாமா என்று முடிவு செய்தது யார் என்று அங்கே பாருங்கள். 'நிதியளித்தவருக்கு எந்தப் பங்கும் இல்லை' என்று இருந்தால், அப்படியே ஆசிரியர் பட்டியலுக்குப் போய் யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. புள்ளியியல் வேலையைச் செய்தவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்றாலோ, எழுத்து உதவிக்கு நிறுவனம் பணம் கொடுத்தது என்று நன்றியுரையில் இருந்தாலோ, அந்த வரியின் மதிப்பு குறைந்துவிடுகிறது. முழுத் தரவும் ஆசிரியர்கள் கையில் இருந்ததா என்பதும் முக்கியம். நிறுவனம் தொகுத்துக் கொடுத்த அட்டவணையை மட்டும் பார்த்து எழுதியவருக்கும், மூலத் தரவைத் தானே திறந்து பார்த்தவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இதன் மறுபக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததுமே கட்டுரையைத் தூக்கிப் போடுவது. புதிய மருந்துகளின் பெரிய சோதனைகளை இன்று பெரும்பாலும் நிறுவனங்களே நடத்துகின்றன. அவற்றை எல்லாம் ஒதுக்கினால் நமக்குத் தெரிந்த மருத்துவத்தில் பெரும்பகுதி இல்லாமல் போய்விடும். 1967 கட்டுரைக்கே வருவோம். சர்க்கரைப் பணத்தில் எழுதப்பட்டது என்பதால் நிறைவுற்ற கொழுப்பு குற்றமற்றது ஆகிவிடாது. அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது என்பதற்குச் சர்க்கரைத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத ஏராளமான சான்றுகள் பின்னர் வந்திருக்கின்றன. அந்தக் கட்டுரையின் பிழை கொழுப்பைக் குற்றம் சொன்னதில் இல்லை. சர்க்கரையை விசாரணையிலிருந்து விடுவித்ததில் இருக்கிறது. 2016-க்குப் பிறகு, 'அப்போ வெண்ணெயும் நெய்யும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று பரவிய செய்திகள் இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டன. சர்க்கரைத் தொழிலை அம்பலப்படுத்தியவர்களையும் இதே கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். கெர்ன்ஸ் குழுவுக்கு நிதி தந்தவர்கள் யார் என்பது அவர்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. மூவரில் கிளான்ட்ஸ் நீண்ட காலம் புகையிலைத் தொழிலை எதிர்த்துப் போராடியவர். ஒரு தொழிலின் ஆவணங்களில் சதியைத் தேடிப் பழகிய கண் அவருடையது. ஜான்ஸும் ஓப்பன்ஹைமரும் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் கடிதங்கள் நூலகங்களில் இருக்கின்றன, யாரும் போய்ப் படிக்கலாம் என்பதால் அந்த விவாதம் கடிதங்களை வைத்தே நடக்கிறது.

செய்தித்தாளில் 'காபி இதயத்துக்கு நல்லது என்று ஆய்வில் தகவல்' என்று வரும்போது நிதி விவரம் அநேகமாக இருக்காது. ஆய்வின் பெயரோ இதழின் பெயரோ தெரிந்தால், மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்து வைத்திருக்கும் பப்மெட் தளத்தில் தேடலாம். 2017 முதல், இதழ் அனுப்பியிருந்தால், சுருக்கத்தின் கீழேயே Conflict of interest statement என்ற நலன் முரண் பகுதி தெரிகிறது. கட்டணம் கட்டி முழுக் கட்டுரையை வாங்க வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவர் என்றால் openpaymentsdata.cms.gov தளத்தில் அவர் பெயரைப் போட்டால் மருந்து, கருவி நிறுவனங்கள் அவருக்குக் கொடுத்த தொகை வரும். உணவு நிறுவனங்களின் பணம் அதில் வராது என்பது பெரிய குறை. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை 2009 ஜூன் முதல் ctri.nic.in தளத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அங்கே ஒவ்வொரு பதிவிலும் Source of Monetary or Material Support என்ற வரியில் பணம் யாருடையது என்றும், Primary Sponsor என்ற இடத்தில் பொறுப்பேற்பது யார் என்றும் இருக்கும். சோதனை தொடங்கும் முன்பே இது பதிவாவதால் அதற்கு இன்னொரு பயனும் உண்டு: எதைப் பலனாக அளக்கப்போவதாக அன்று சொன்னார்கள் என்பதையும், கட்டுரையில் கடைசியாக எதைப் பலனாகக் காட்டினார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் வேறாக இருந்து, அந்த மாற்றம் ஸ்பான்சருக்குச் சாதகமாகவும் இருந்து, கட்டுரையில் அதற்கு விளக்கமும் இல்லையென்றால், அந்த முடிவை நம்பி மருந்தையோ உணவையோ மாற்றும் முன் வேறு பணத்தில் நடந்த இன்னொரு ஆய்வு இருக்கிறதா என்று தேட வேண்டும்.